தட்டைப் போட்டுப் பார்த்த காலம்

கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள அன்றைக்கு வீட்டில் ஒரு வெண்கலத் தட்டு போதும். பிள்ளை சத்தத்துக்கு அசையவில்லையே என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், பாட்டி அடுக்களையிலிருந்து தட்டை எடுத்துவந்து தொட்டிலுக்குப் பின்னால் நின்று தரையில் போடுவாள். பிள்ளை உடம்பைத் தூக்கிப்போட்டால், ‘கேக்குது.’ அத்தோடு விசாரணை முடிந்தது. கண்ணுக்கு விளக்கு. அந்தி நேரத்தில் மடியில் கிடத்தி, விளக்கை இப்படியும் அப்படியும் கொண்டுபோவார்கள். சுடர் போன பக்கம் கண்ணும் போனால் பார்வையில் குறையில்லை.

இன்று அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே கேட்டுவிடுகிறார்கள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. பரிசோதகர் கைபேசியைவிடச் சற்றுப் பெரிய கருவியைக் கொண்டுவருகிறார். அதன் கம்பியின் முனையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மெத்தென்ற ரப்பர் மூடி. காதுமடலை லேசாகக் கீழே இழுத்து, மூடியைத் துவாரத்தில் பொருத்துகிறார். உள்ளே சின்னச் சின்னச் சொடுக்கு ஒலிகள் போகின்றன. குழந்தை விழிப்பதில்லை. மின்விசிறி இரைச்சலும் பக்கத்துக் கட்டில் குழந்தையின் அழுகையும்தான் தொந்தரவு. அவை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாம் ஒத்துழைத்தால் ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. திரையில் ‘பாஸ்’ என்றோ ‘ரெஃபர்’ என்றோ வருகிறது.

இந்தச் சோதனை நடக்கக் காரணம் 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த ஒரு விநோதம். காது ஒலியை வாங்குவது மட்டுமல்ல, மெல்லிய ஒலியைத் திருப்பியும் தருகிறது என்பதை அவர் பதிவுசெய்து காட்டினார். உள்காதின் நத்தைச் சுருளில் இருக்கும் வெளிப்புற மயிர்ச்செல்கள் ஒலி பட்டதும் தாமே அசைகின்றன. அந்த அசைவு எதிரொலிபோலச் செவிப்பறை வழியே வெளியே வருகிறது. ரப்பர் மூடிக்குள் இருக்கும் நுண்ணிய மைக் அதைத்தான் பிடிக்கிறது. செல்கள் சேதப்பட்டிருந்தால் எதிரொலி வராது. ஓ.ஏ.ஈ. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் சோதனை இதுதான்.

பாட்டி குழந்தையைக் கேட்டாள். கருவி காதைக் கேட்கிறது. மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான். ஆனால் குழந்தையைக் கேட்டுப் பதில் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதைத் தட்டுச் சோதனை தவறிய விதங்களைப் பார்த்தால் தெரியும். தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது. தொட்டில் கயிற்றிலும் அந்த அதிர்வு ஏறும். கை தட்டினால் முகத்தில் காற்று படும். பின்னால் வருபவரின் நிழல் முன்னால் விழும். எதிரே நிற்பவர்கள் சத்தம் வந்த பக்கம் பார்ப்பதைக் கண்டே பிள்ளை திரும்பிவிடும். செவித்திறன் இல்லாத குழந்தை மற்ற புலன்களில் கூர்மையாகவே இருக்கும்; பல தடவை சரியான பக்கமே திரும்பும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று பாதிக் கேள்வியில் இருக்கிறது. கனத்த, தாழ்ந்த ஒலிகள் கேட்டு, மெல்லிய உயர்ந்த ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. மேளம், கதவு அறையும் சத்தம், பஸ் ஹாரன் எல்லாவற்றுக்கும் திரும்புவார்கள். ச, ஸ போன்ற எழுத்துகள் மட்டும் எட்டாது. பேச்சு அவர்களுக்கு மெய் உதிர்ந்த உயிரொலிகளாகவே போய்ச் சேரும். தட்டு விழுந்தால் திரும்புகிற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று எந்தப் பாட்டியிடம் சொல்லி நம்பவைப்பது?

மேல்நாட்டில் தட்டுச் சோதனையைச் சீராக்கிப் பார்த்தார்கள். 1944-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த யூயிங் தம்பதியர் வகுத்த முறை பிரிட்டனில் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஏழெட்டு மாதக் குழந்தை தாயின் மடியில் உட்காரும். எதிரில் ஒருவர் பொம்மையைக் காட்டிக் கவனத்தைப் பிடித்துவைத்து, சட்டென்று மறைப்பார். அந்தக் கணத்தில் இன்னொருவர், குழந்தையின் பார்வைக்கு எட்டாமல், காது மட்டத்தில், மூன்றடி தூரத்திலிருந்து மெதுவாகக் கிலுகிலுப்பையை ஆட்டுவார்; அல்லது ‘ஸ்ஸ்’ என்பார். நல்ல முறைதான். ஆனால் குழந்தை தலை நின்று உட்காரும்வரை காத்திருந்தாக வேண்டும். பழகிய இருவர் செய்தும் நிழலும் சென்ட் வாசனையும் காட்டிக்கொடுத்த சம்பவங்கள் ஏராளம்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள தூரத்தை ஒரு குழந்தையின் வயதைக் கொண்டு அளந்து பார்க்கலாம். இரண்டு காதும் ஏறக்குறைய முழுதாகக் கேட்காத ஒரு குழந்தை 1980-இல் நம் ஊர் ஒன்றில் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பெற்றவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் பெற்றோர் கேட்கும் திறன் உள்ளவர்கள்தான். ஆகவே வீட்டில் யாருக்கும் எச்சரிக்கை இருக்காது. மூன்றாம் மாதத்தில் தட்டு விழுகிறது, பிள்ளை திடுக்கிடுகிறது. நான்காம் மாதத்தில் ‘ங்கா’ சொல்கிறது, கலகலவென்று சிரிக்கிறது. காது கேட்காத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதம் மற்ற குழந்தைகளைப்போலவே குரல் எழுப்பும் என்பதை அன்று வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் பாதை பிரிகிறது. மற்றவை ‘பாபா’, ‘தாதா’ என்று எழுத்துக்கூட்டத் தொடங்கும் ஏழு முதல் பத்து மாதத்தில், இந்தப் பிள்ளையின் குரல் வளராமல் ஒரே தொனியில் நிற்கிறது. ‘சாதுவான பிள்ளை’ என்று பெயர் வாங்குகிறது.

ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை. “அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய் திறந்தான்” என்கிறார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார்கள். கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொள்கிறார்கள். மூன்று வயதில் மதுரைக்கோ சென்னைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நான்கு வயதில், மார்பில் துணிப்பைக்குள் கட்டித் தொங்கவிடும் பெட்டிக் கருவி வருகிறது. அதற்கப்புறம் பாளையங்கோட்டை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளியைப் போன்ற விடுதிப் பள்ளிகள்தான் அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு மொழியைத் தந்தன. அங்கே அது சைகையில் பேசவும் சண்டை போடவும் சிநேகம் பிடிக்கவும் கற்றது. ஆனால் அதற்குள் ஐந்து வயது ஆகியிருந்தது.

அதே குழந்தை இன்று பிறக்கிறது. இரண்டாம் நாள் இரண்டு காதிலும் ‘ரெஃபர்’. இதற்குக் காது கேட்காது என்று பொருளில்லை. பிறந்த ஓரிரு நாள் காதுத் துவாரத்தில் வெண்மெழுகுபோன்ற படிவமும் நடுக்காதில் நீரும் இருக்கலாம். முன்பு பிரசவமான தாயை ஒரு வாரம் வைத்திருந்தார்கள். இப்போது சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாளே அனுப்பிவிடுகிறார்கள். காது உலர்வதற்குள் சோதனையை முடித்துவிட வேண்டிய கட்டாயம். முதல் முறை ‘ரெஃபர்’ வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை அடுத்த முறை தேறிவிடும். இதை நிதானமாக உட்காரவைத்துச் சொல்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் இடங்கள் உண்டு. அந்தத் தாய் அன்றிரவு தூங்குவதில்லை. பாட்டியின் தட்டு செய்யாத ஒரு கொடுமை இது.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி பார்க்கிறார்கள். மறுபடியும் ‘ரெஃபர்’. அடுத்தது பெரா. இது மயிர்ச்செல்லோடு நிற்காமல், ஒலி செவிநரம்பு வழியே மூளைத்தண்டுவரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் தோலைத் துடைத்துப் பசையோடு சிறு மின்வாய்களை ஒட்டுகிறார்கள். குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும். ஆகவே பசியோடும் தூக்கக் கிறக்கத்தோடும் அழைத்துவரச் சொல்லி, அங்கேயே பால் கொடுக்கவைப்பார்கள். தேவைப்பட்டால் தூங்க மருந்து. காதில் ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த டெசிபலில் அலைக்கோடு மறைகிறது என்று குறிக்கிறார்கள். வலி எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் பிடிக்கலாம்.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட காலக்கணக்கு. ஆறு மாதம் என்ற எல்லை சும்மா வந்ததல்ல. அதற்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னிற்பதை 1998-இல் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இடானோவின் குழு காட்டியது. நம் குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் காதுக்குப் பின்னால் ஒளியும் சிறு கருவி பொருத்துகிறார்கள். அது போதாத அளவுக்குக் குறை இருந்தால், ஒரு வயதையொட்டி நத்தைச்சுருள் உள்வைப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சையைச் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். அதன்பின் வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி உண்டு. அறுந்த கம்பிக்கும் தீர்ந்த பாட்டரிக்கும் அலைவதும் அந்தக் குடும்பத்தின் பாடுதான். பேச்சுப் பயிற்சியோடு சைகை மொழியையும் முதலிலிருந்தே கொடுங்கள் என்று காது கேளாதோர் பலர் கேட்கிறார்கள். பாளையங்கோட்டை விடுதிகள் தந்தது என்ன என்று யோசித்தால், அந்தக் குரலை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

புதிய முறைக்கும் ஏமாற்று உண்டு. எதிரொலிச் சோதனை மயிர்ச்செல்லை மட்டும் கேட்கிறது. அதற்குப் பின்னால் நரம்பில் கோளாறு என்றால் கருவி ‘பாஸ்’ என்றே சொல்லும். கடும் மஞ்சள் காமாலைக்கும் குறைமாதப் பிறப்புக்கும் ஆளான குழந்தைகளிடம் இந்த நரம்புக் கோளாறு கூடுதல். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு எதிரொலிச் சோதனை மட்டும் போதாது. மின்வாய் ஒட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பிறக்கும்போது கேட்ட காது பின்னால் மங்குவதும் உண்டு. கருவிலேயே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய குழந்தையும், மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தையும் முதல் நாள் சீட்டை நம்பி இருக்கக் கூடாது. சொந்தத்துக்குள் மணந்த குடும்பங்களில் ஏற்கெனவே ஒருவருக்குக் காது கேளாமை இருந்தாலும் அப்படித்தான். இத்தகைய காரணம் எதுவும் இல்லாத குழந்தைகளிடம்தான் ஏறக்குறைய பாதிக் குறைகள் காணப்படுகின்றன என்பது இன்னொரு பக்கம். ‘நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே’ என்பது பதிலாகாது.

கண்ணும் காதும் சேர்ந்தே கெடும் ஒரு நோய் உண்டு. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்தத் தாய்மாருக்கு ரூபெல்லா வந்திருந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதும் கேட்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. நம் ஊரில் அந்த அம்மையைப் பெரிதாக யாரும் எண்ணியதில்லை. மூன்று நாள் தடிப்பு, வேப்பிலை, சரியாகிவிடும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டிலேயே முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்று ஒன்பதாம் மாதத்தில் போடுகிற ஊசி, இருபது வருடம் கழித்துப் பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணையும் காதையும் சேர்த்தே காக்கிறது.

கண்ணைப் பொறுத்தவரை நோய்களே மாறிவிட்டன. அன்று குழந்தைக் குருட்டுத்தன்மை என்றால் பெரும்பாலும் விட்டமின் ஏ குறைவு. பிறக்கும்போது பார்வை இருக்கும். இரண்டு வயதில் அந்தியானால் தட்டுத்தடுமாறும். வெள்ளைவிழியில் சோப்பு நுரைபோல ஒரு திட்டு தெரியும். பிறகு ஒரு தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் சில நாட்களில் கருவிழி உருகிவிடும். 1970-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரண்டியில் ஊற்றிய மஞ்சள் திரவமும், அம்மைத் தடுப்பூசியும், கொஞ்சம் மேம்பட்ட சாப்பாடும் சேர்ந்து அந்தக் காட்சியை அரிதாக்கிவிட்டன. அன்று மெல்லப் பறிபோன பார்வையை வீட்டில் எல்லோரும் கண்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை பிறவிப் புரை, விழித்திரைப் புற்று, குறைமாத விழித்திரை நோய். இவை சத்தமில்லாதவை, விளக்குச் சோதனைக்கு அகப்படாதவை. ஒரு கண் முழுதாகப் போயிருந்தாலும் இன்னொன்று சுடரைப் பின்தொடரும்.

விளக்கின் இடத்தில் இப்போது இருப்பதும் ஒரு விளக்குதான். அறையை இருட்டாக்கி, மருத்துவர் ஒரு முழ தூரத்திலிருந்து கண்நோக்கியின் ஒளியை இரண்டு கண்ணிலும் ஒருசேரப் பாய்ச்சுகிறார். விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளி இரண்டு பாப்பாவிலும் ஒரே அளவு செம்மஞ்சளாக மின்ன வேண்டும். நம் குழந்தைகளின் நிறத்துக்குச் சற்று அடர்ந்து தெரியும். ஒன்று மங்கல், ஒன்றில் கரும்புள்ளி, அல்லது வெள்ளை என்றால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அரை நிமிட வேலை. ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் ஆறு வாரத்தையொட்டி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கண் தெளிந்தாலும் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். பின்னால் எந்தக் கண்ணாடியும் உதவாது. வீட்டில் கைபேசியில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு பாப்பா மட்டும் வெள்ளையாக விழுந்ததைக் கண்டு புற்று பிடிபட்ட குழந்தைகள் உண்டு. அன்றைய வீட்டில் இல்லாத ஒரே புதிய காவல் இந்தக் கைபேசி.

குறைமாத விழித்திரை நோயை நாமே பெற்ற நோய் என்று சொல்லலாம். 1250 கிராமில் பிறந்த குழந்தை அன்று பெரும்பாலும் பிழைத்ததில்லை. அதனால் அதன் விழித்திரையைப் பற்றி யோசிக்கவும் நேரவில்லை. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து விளிம்பை எட்ட ஏறக்குறைய பத்து மாதமும் ஆகும். முன்னமே பிறந்த குழந்தைக்கு அவை பாதி வழியில் நிற்கும். பிறகு தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையையே பெயர்த்துவிடலாம். 1996-இல் சென்னையின் ஒரு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில், இதே 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. காப்பாற்றி, மாதம் நிறையும் முன் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பலமுறை காட்ட வந்தும் கண்ணைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான்கு மாதம் கடந்து தெரிந்தபோது விழித்திரை பெயர்ந்துவிட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2015-இல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது.

இன்று நம் நாட்டில் 2000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் முதல் கண் பரிசோதனை; மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, மரக்க மருந்து போட்டு, சிறு கவ்வியால் இமையைத் திறந்துவைத்து, தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர் கையில் வில்லை பிடித்துப் பார்க்கிறார். பிள்ளை வீறிடும், இனிப்பு நீர் தருவார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள் பலர் வெளியே போய்விடுவார்கள். ஒரு தடவையில் முடிவதில்லை. குழாய்கள் விளிம்பை எட்டும்வரை வாரம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரவேண்டும். சிகிச்சை தேவை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர். ‘எடை நல்லா ஏறிடுச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடப்படும் அந்த ஒரு மாதம்தான் பெரும்பாலும் கண்ணைக் கொண்டுபோகிறது.

கருவியின் கைக்கு எட்டாத இடங்களில் பழைய கண்காணிப்பே மிச்சம். ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். ஆறேழு வாரத்தில் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மூன்று மாதம் முடிந்தும் முகத்தில் கண் நிலைக்கவில்லை, விழி ஓயாமல் ஆடுகிறது, முஷ்டியால் கண்ணை ஓயாமல் அழுத்திக்கொள்கிறது, கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாக மங்கி, வெளிச்சம் கூசி நீர் வடிகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. நான்கு மாதத்துக்குப் பிறகும் விழி ஒருபக்கம் விலகி நின்றால் அது அதிர்ஷ்டம் அல்ல. மாறுகண் ராசி என்று கொண்டாடி எத்தனையோ பேர் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருக்கிறார்கள். உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். ஒன்றை மூடினால் பேசாமல் இருக்கும் பிள்ளை, மற்றதை மூடினால் மட்டும் முரண்டு பிடித்துக் கையைத் தள்ளினால், மூடாத கண்ணில் குறை இருக்கிறது.

காதுக்கும் அப்படித்தான். ஆறு மாதம் கடந்த பிள்ளையின் பின்னால், நிழல் விழாமல், தரை அதிராமல் நின்று மெதுவாகக் கூப்பிட வேண்டும். பத்து மாதத்தில் ‘பாபா, தாதா’ இல்லை, ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை என்றால், முதல் நாள் சீட்டில் ‘பாஸ்’ என்றிருந்தாலும் மறுபடி பெரா. ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும் தாயிடம் “கூப்பிட்டா திரும்புதா?” என்று கேட்பது வழக்கம். “திரும்புது சிஸ்டர்” என்றே பதில் வரும். நான் பார்த்த ஒரு கிராம சுகாதார செவிலியர் அதோடு விடுவதில்லை. “எந்தச் சத்தத்துக்குத் திரும்புது?” என்று அடுத்து கேட்பார். மிக்ஸி, பைக், பட்டாசு என்று மட்டும் தாய் அடுக்கினால், சீட்டை எடுத்து மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்துவிடுவார்.